12 சொல்லும் சரி, வாலட்டும் திறக்கிறது, பணம் மட்டும் இல்லை: மறை வாலட் பாஸ்பிரேஸ் மறந்த கதை

கோபிக்காரன் | 09.02.2025, இரவு 11:52

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 2021-ல் போனில் ஒரு பிட்காயின் வாலட் போட்டேன். வாலட்டை மீட்க 12 சொல் கொடுத்தது, எழுதி வைத்தேன். அதோடு "பாஸ்பிரேஸ் வேண்டுமானால் சேர்க்கலாம்" என்று ஒரு கட்டம் இருந்தது. சேர்த்தேன். வெறும் 12 சொல்லில் திறக்கும் வாலட்டில் 0.004 போட்டு வைத்தேன், எவனாவது பிடுங்கினால் கொடுப்பதற்கு. பாஸ்பிரேஸ் போட்டால் திறக்கும் வாலட்டில் 0.18.

போன டிசம்பரில் போன் செத்துவிட்டது. அதே 12 சொல்லை ஒரு ஹார்டுவேர் வாலட்டில் ஏற்றினேன். 0.004 அப்படியே வந்தது. பாஸ்பிரேஸ் போட்டேன். வாலட் திறந்தது. உள்ளே பூஜ்யம். பிழை என்று ஒரு வார்த்தை காட்டவில்லை. ஜம்மென்று திறந்து "இருப்பு 0" என்கிறது.

அறுபது தடவைக்கு மேல் மாற்றி மாற்றிப் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் புது வாலட், புது பூஜ்யம். என் வாதம் இதுதான்: கருவியில் கோளாறு. தவறான பாஸ்பிரேஸ் என்றால் "தவறு" என்று சொல்ல வேண்டாமா?

தாத்தா_பேங்க் | 10.02.2025, காலை 6:10

தம்பி, பாஸ்வேர்டு மறந்தால் கருவியை ரீசெட் செய்துவிட்டு 12 சொல்லை மறுபடி போட்டால் புது நம்பர் வைத்துக்கொள்ளலாம் என்று என் மருமகன் செய்து காட்டினான். தப்பாகப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், மூன்று தடவைக்கு மேல் போட்டால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ரகமும் இருக்கிறது.

கோபிக்காரன் | 10.02.2025, காலை 7:35

ஐயா, நீங்கள் சொல்வது பின் நம்பர். அது கருவியின் பூட்டு, அழிந்தாலும் சொற்கள் இருந்தால் போதும். நான் கேட்பது வேறு. இந்தப் பாஸ்பிரேஸ் கருவிக்குள் எங்கேயும் இல்லை.

ராக்கெட்_ராஜா | 10.02.2025, காலை 9:20

பாஸ், இதுக்குப் பேரே 25-வது சொல். உங்களுக்கு 13-வதுன்னு வச்சுக்கங்க. வாலட் சொல் எடுக்கிற பட்டியல்ல மொத்தமே 2048 சொல்தான். ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தா முடிஞ்சுது கதை. இல்லன்னா டெரிவேஷன் பாத், அதான் வாலட் முகவரிகளை எடுக்கிற பாதை, தப்பா இருக்கும், அதை மாத்திப் பாருங்க.

உப்புக்கண்டம் | 10.02.2025, மதியம் 1:05

ராஜா, "25-வது சொல்" என்று பெயர் வைத்தவனைப் பிடித்து உதைக்க வேண்டும். அது சொல்லே இல்லை. பட்டியலில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு எழுத்தாக இருக்கலாம், ஒரு வாக்கியமாக இருக்கலாம், ஒற்றை இடைவெளிகூட பாஸ்பிரேஸ்தான்.

கோபி, கருவியில் கோளாறு இல்லை. அது சரியாகத்தான் வேலை செய்கிறது, அதுதான் உங்கள் பிரச்சினையே. 12 சொல்லில் கடைசிச் சொல்லுக்குள் 4 பிட் சரிபார்ப்பு ஒளிந்திருக்கிறது. அதனால் ஒரு சொல்லைத் தவறாகப் போட்டால் 16-ல் 15 தடவை வாலட் கண்டுபிடித்துவிடும். பாஸ்பிரேஸுக்கு அப்படி எதுவும் இல்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

2013-ல் எழுதப்பட்ட பிப் 39 என்ற வாலட் விதிமுறையில் இருப்பது இவ்வளவுதான். சொற்களை ஒரு பக்கம் போடுகிறார்கள். மறுபக்கம் mnemonic என்ற சொல்லின் வாலில் உங்கள் பாஸ்பிரேஸை ஒட்டி உப்பாகப் போடுகிறார்கள். (என் பெயர் வந்த காரணமும் அதுதான்.) 2048 சுற்று அரைக்கிறார்கள். 64 பைட் மாவு விழுகிறது. அந்த மாவிலிருந்துதான் எல்லாச் சாவியும், எல்லா முகவரியும். பாஸ்பிரேஸ் இல்லை என்றால் வாலில் ஒன்றும் ஒட்டாமல் அரைக்கிறார்கள். ஆகவே உங்கள் 0.004 வாலட்டும் ஒரு பாஸ்பிரேஸ் வாலட்தான், அதன் பாஸ்பிரேஸ் வெறுமை.

யார் வேண்டுமானாலும் வீட்டில் அரைத்துப் பார்க்கலாம். உலகமே அறிந்த சோதனைச் சொற்கள் இவை, இதில் காசு போட்டுவிடாதீர்கள்:

```python
import hashlib
m = " ".join(["abandon"]*11 + ["about"])
for p in ["", "TREZOR", "trezor"]:
    s = hashlib.pbkdf2_hmac("sha512", m.encode(),
        ("mnemonic" + p).encode(), 2048)
    print(repr(p), s.hex()[:16])
```

முதல் வரி 5eb00bbddcf06908 என்று வரும். இரண்டாவது c55257c360c07c72. மூன்றாவதை நீங்களே பாருங்கள். பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்கியதற்கு இரண்டாவதோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத எண் வரும். இந்த மூன்றில் எது "சரி" என்று கணினி எப்படிச் சொல்லும்? மூன்றும் சரி. திருடன் கையில் உங்கள் 12 சொல் கிடைத்தாலும் இன்னொரு வாலட் இருக்கிறதா இல்லையா என்று அவனால் சொல்ல முடியாது. அந்த மறைப்பு இப்போது உங்களிடமிருந்தே மறைக்கிறது.

கோபிக்காரன் | 10.02.2025, இரவு 10:15

ஓட்டிப் பார்த்தேன். புரிந்தது. கோளாறு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

ராஜா சொன்ன பாத் விஷயத்தையும் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கத் தப்பில்லை. பாத் மாறினாலும் இதே மாதிரி பூஜ்யம்தான் காட்டும். ஆனால் 2021-ல் எக்ஸ்சேஞ்சிலிருந்து இந்த மறை வாலட்டுக்கு மாற்றியபோது வந்த மின்னஞ்சல் இன்னும் இருக்கிறது. முகவரி bc1q என்று தொடங்குகிறது. என் 0.004 வாலட்டும் அதே ரகம், அதே m/84'/0'/0' பாதையில் திறக்கிறது. ஒரே போன், ஒரே ஆப். அதனால் பாதை இல்லை, பாஸ்பிரேஸ்தான்.

உப்புக்கண்டம் | 10.02.2025, இரவு 10:40

அந்த மின்னஞ்சல் தங்கம். பத்திரமாக வையுங்கள். தேட வேண்டுமென்றால் "இதுதான் அது" என்று சொல்ல ஒரு முகவரி வேண்டும். யூகம் ஒன்றை அரைக்க வேண்டும், முதல் பத்து முகவரியை எடுக்க வேண்டும், மின்னஞ்சலில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். இதற்கென்றே btcrecover என்று ஒரு திறமூல நிரல் இருக்கிறது. இணையம் பிடுங்கிய கணினியில் மட்டும் ஓட்டுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. என்ன ஞாபகம் இருக்கிறது?

கோபிக்காரன் | 11.02.2025, காலை 6:50

எல்லாமே ஞாபகம் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஊர்ப் பெயர், நடுவில் கோடு, கருப்பட்டி, அப்பா கடையின் நம்பர் 71. இங்கே சொல்லலாமா கூடாதா என்று யோசித்தேன். 12 சொல் இல்லாமல் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாதுதானே.

பிரச்சினை கருப்பட்டியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆங்கில எழுத்தில் karupatti என்று அடித்தேனா, karuppatti என்று அடித்தேனா? போனில் வீட்டுக்காரிக்கு அனுப்பின செய்திகளைத் தேடிப் பார்த்தேன். ஒரே மாதத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதற்கு நமக்கு ஒரு முறையே கிடையாது, அன்றைக்கு விரல் எப்படிப் போகிறதோ அதுதான்.

ராக்கெட்_ராஜா | 11.02.2025, காலை 8:02

அதுக்குத்தான் தமிழ்லயே வச்சிருக்கணும் பாஸ். எந்த வெளிநாட்டு ஹேக்கர் "கருப்பட்டி"ன்னு டைப் அடிப்பான்?

உப்புக்கண்டம் | 11.02.2025, காலை 8:55

ராஜா, ஹேக்கர் அடிக்க மாட்டான், சரி. நீங்கள் அடிப்பீர்களா? ஹார்டுவேர் கருவிகள் பலவற்றில் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும்தான் இருக்கும். அதைவிட நுணுக்கமான தொல்லை ஒன்று உண்டு. "கொ" என்பதில் வரும் ொ ஒரே குறியீடாகவும் வரலாம், ெ-யும் ா-வும் தனித்தனியாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பிப் 39 இதை எதிர்பார்த்து அரைப்பதற்கு முன் எழுத்துகளைப் பிரித்து ஒழுங்குபடுத்தச் சொல்கிறது. அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றிய வாலட்டில் இது பிரச்சினை இல்லை.

ஆனால் "ஔ" என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டீர்களானால் எந்த விதியும் காப்பாற்றாது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. சில விசைப்பலகைகள் நடுவில் கண்ணுக்கே தெரியாத அகலமில்லா எழுத்து ஒன்றை நுழைக்கும், அதுவும் அப்படியே அரைபடும். நீளக் கணக்கும் உண்டு. டிரெஸர் ஹார்டுவேர் வாலட்டில் 50 பைட்தான் எல்லை. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், புள்ளியும் தனிக் கணக்கு. "வணக்கம்" என்பதே 21 பைட்.

கோபிக்காரன் | 11.02.2025, இரவு 11:30

பட்டியல் போட்டு ஓட்டினேன்.

```
+ Gobi gobi GOBI Kobi kobi
+ karupatti karuppatti karuppatty karupetti
71 17
- -- _ .
```

ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒன்று எடுத்து, எல்லா வரிசையிலும் அடுக்கிப் பார்க்கும். கூட்டல் குறி போட்ட வரியிலிருந்து கட்டாயம் ஒன்று வேண்டும். நாலு வரியும் வந்தால் 5 × 4 × 2 × 4, அதை 24 விதமாக அடுக்கினால் 3840. என் பழைய மடிக்கணினி நொடிக்குச் சுமார் 900 பார்க்கிறது. நாலே நாலு நொடி. டீ ஆற்றுவதற்குள் முடிந்துவிட்டது.

கிடைக்கவில்லை.

கோபிக்காரன் | 13.02.2025, காலை 5:45

இரண்டு எழுத்துப் பிழை வரை அனுமதித்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். எட்டு மணி நேரத்தில் இரண்டரைக் கோடி யூகம். இல்லை.

கோபிக்காரன் | 13.02.2025, காலை 5:58

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் பாஸ்பிரேஸ் வெறும் ஆறு சின்ன எழுத்து என்று வைத்துக்கொண்டால் இந்த ஓட்டை மடிக்கணினியே நாலு நாளில் அத்தனையையும் முடித்துவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் கலந்த எட்டு இடம் என்றால் ஏழாயிரத்துச் சொச்சம் வருடம். நான் 2021-ல் ரொம்பப் புத்திசாலித்தனமாக 17 எழுத்து வைத்திருக்கிறேன். திருடனுக்காக வைத்தேன். இப்போது திருடன் நிற்கிற வாசலில் நான் நிற்கிறேன்.

மல்லிகா_மஸ்கட் | 13.02.2025, மாலை 4:20

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இந்த இழையைப் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. எங்கள் சித்தப்பா 2023-ல் தவறிவிட்டார். பெட்டியில் ஒரு எஃகுத் தகட்டில் 24 சொல் அடித்து வைத்திருந்தார். தம்பி அதைக் கருவியில் போட்டுத் திறந்தான். கொஞ்சம்போல இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் நிறைய வாங்கினார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரோடு அறையில் இருந்த பையன்தான் எடுத்துவிட்டான் என்று சித்தி இன்றுவரை சாபம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பையன் அழுதுகொண்டே போனான். இப்படி ஒரு மறைவான வாலட் இருந்திருக்குமா?

உப்புக்கண்டம் | 13.02.2025, இரவு 9:10

அக்கா, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தத் தகட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சோதிக்க வழி உண்டு. அவர் வாங்கிய எக்ஸ்சேஞ்ச் கணக்கின் பழைய மின்னஞ்சல்களில் "வெளியே அனுப்பப்பட்டது" என்று முகவரி இருக்கும். அது தகட்டில் திறக்கும் வாலட்டின் முகவரிகளில் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த முகவரியை ஏதாவது பொதுத் தளத்தில் தேடுங்கள். பணம் போன நாளோடு அப்படியே அசையாமல் கிடக்கிறது என்றால் அறையில் இருந்த பையன் எடுத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. திருடியவன் அதே இடத்தில் விட்டுவைக்க மாட்டான்.

கோபிக்காரன் | 14.02.2025, இரவு 8:00

உள்பெட்டியில் மூன்று பேர். "நிபுணர் குழு, 12 சொல்லை அனுப்பினால் 24 மணி நேரத்தில் மீட்டுத் தருகிறோம், முன்பணம் வேண்டாம்." முன்பணம் எதற்கு, மொத்தப் பணமே போகுமே.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்ட வேண்டாம். ஜனவரியில் பதற்றத்தில் ஒரு இணையப் பக்கத்தில் என் 12 சொல்லை அடித்துப் பார்த்தேன். பாஸ்பிரேஸ் போட்டால் முகவரி காட்டும் பக்கம்.

உப்புக்கண்டம் | 14.02.2025, இரவு 8:25

திட்டவில்லை. 0.004-ஐ இன்றைக்கே, இப்போதே வேறு வாலட்டுக்கு மாற்றுங்கள். அந்தச் சொற்கள் இனி ரகசியம் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், மூன்று நாள் முன்னால் இங்கே ஊர்ப் பெயர், கருப்பட்டி, 71 எல்லாம் சொன்னீர்கள். "12 சொல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது" என்றீர்கள். அந்தப் பக்கம் சொற்களைச் சேமித்திருந்தால், அதை வைத்திருப்பவன் இந்த இழையையும் படித்தால், அவனும் அதே 3840-ஐ ஓட்டுவான். உங்கள் மின்னஞ்சல் முகவரிகூட அவனுக்குத் தேவையில்லை. பிட்காயின் பிளாக்செயினில் இதுவரை பயன்பட்ட எல்லா முகவரிகளின் பட்டியலையும் வைத்துக்கொண்டு ஒப்பிடலாம். இப்போது இது ஓட்டப்பந்தயம்.

கோபிக்காரன் | 14.02.2025, இரவு 9:40

மாற்றியாயிற்று. கை நடுங்கியது. 71-ஐ இங்கே எழுதியிருக்கக் கூடாது. அழிக்கலாம் என்றால் மேலே உள்ள பதிவைத் திருத்தும் நேரம் கடந்துவிட்டது.

உப்புக்கண்டம் | 15.02.2025, காலை 7:15

பாஸ்பிரேஸை *எங்கே வைத்து* அடித்தீர்கள்? எந்த விசைப்பலகை, எந்தக் கட்டம்? என்ன அடித்தீர்கள் என்பதையே எல்லோரும் யோசிக்கிறார்கள். அரைபட்டது என்ன என்பதுதான் முக்கியம். போன் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கியிருக்கலாம். பரிந்துரையைத் தொட்டிருந்தால் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும். இடைவெளி கண்ணுக்குத் தெரியாது.

கோபிக்காரன் | 15.02.2025, காலை 7:50

போன் ஆப்பில்தான். முதலில் குறிப்பு ஆப்பில் எழுதி, ஒரு தடவை படித்துப் பார்த்து, நகலெடுத்து ஒட்டினேன். அப்புறம் குறிப்பை அழித்துவிட்டேன். கவனமாக இருந்தேனாம்.

கடைசி இடைவெளி, முதல் இடைவெளி இரண்டும் சேர்த்து ஓட்டினேன். இல்லை.

தாத்தா_பேங்க் | 15.02.2025, காலை 11:30

ஐம்பது வருஷமாக லாக்கர் சாவி பார்த்தவன் நான். சாவி தொலைந்தால் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு உடைப்போம், வாடிக்கையாளர் முன்னிலையில், கையெழுத்து வாங்கிக்கொண்டு. உடைக்கவே முடியாத லாக்கரை ஒரு மனுஷன் ஏன் வாங்குகிறான் என்று மட்டும் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

கோபிக்காரன் | 15.02.2025, மாலை 6:00

ஐயா, இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

கோபிக்காரன் | 23.02.2025, இரவு 10:05

ஒரு வாரமாக இதைத் தொடவில்லை. இன்றைக்கு மளிகைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன், புதுப் போனில், குறிப்பு ஆப்பில். துவரம் பருப்பு, இரண்டு கோடு, 1 கிலோ. கருப்பட்டி, இரண்டு கோடு, அரைக் கிலோ. எழுதிவிட்டுப் பார்க்கிறேன், இரண்டு சின்னக் கோடு அங்கே இல்லை. ஒரே நீளக் கோடு இருக்கிறது.

அழித்துவிட்டு மறுபடி இரண்டு கோடு அடித்தேன். இரண்டாவதைத் தொட்ட உடனே இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகிறது.

உப்புக்கண்டம், இருக்கிறீர்களா?

உப்புக்கண்டம் | 23.02.2025, இரவு 10:09

இருக்கிறேன். அது வேறு எழுத்து, U+2014. ஆங்கில விசைப்பலகையில் அதற்குத் தனி விசை கிடையாது, உங்கள் ஹார்டுவேர் கருவியில் அடிக்கவே முடியாது. பிப் 39-ன் ஒழுங்குபடுத்தும் விதியும் அதைத் தொடாது. மூன்று புள்ளி ஒரே எழுத்தாக மாறியிருந்தால் அந்த விதி அதைத் திரும்ப மூன்று புள்ளியாகப் பிரித்திருக்கும், நீளக் கோட்டை அப்படியே விட்டுவிடும். கணினியில் இணையத்தைப் பிடுங்கிவிட்டு அந்த எழுத்தை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். பாஸ்பிரேஸை மட்டும் இங்கே எழுதாதீர்கள்.

கோபிக்காரன் | 23.02.2025, இரவு 11:31

bc1q. மின்னஞ்சலில் உள்ள அதே வால். நான்கு தடவை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். வீட்டுக்காரியை எழுப்பி வாசிக்கச் சொன்னேன்.

மூன்றாவது முகவரி.

ராக்கெட்_ராஜா | 23.02.2025, இரவு 11:33

பாஸ்ஸ்ஸ்!!! கருப்பட்டி காபி எப்போ?

கோபிக்காரன் | 24.02.2025, காலை 6:20

0.18-உம் புது 12 சொல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு உறுதிப்படுத்தல் ஆகும்வரை உட்கார்ந்து பார்த்தேன்.

இனி அந்தப் பழைய பாஸ்பிரேஸ் யாருக்கும் பயன்படாது, சொல்லிவிடலாம்: `Gobi—karupatti71`. நான் எழுத்து ஒன்றுகூட மறக்கவில்லை. டிசம்பரிலிருந்து கருவியில் அடித்த முதல் தடவையே என் ஞாபகத்தின்படி சரி. அந்தக் கருவியில் ஆயுசு முழுக்க அடித்துக்கொண்டிருந்தாலும் திறந்திருக்காது. இரண்டு எழுத்துப் பிழை வரை தேடிய இரண்டரைக் கோடியும் விசைப்பலகையில் இருந்த எழுத்துகள் மட்டும்தான்.

இன்னொன்று நினைக்க நினைக்க எரிச்சலாக வருகிறது. 2021-ல் வாலட் போட்டதும் அதில் பணம் போடுவதற்கு முன்னால், அழித்துவிட்டு, சொற்களையும் பாஸ்பிரேஸையும் *கையால்* அடித்து, வேறு கருவியில் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். முகவரி மாறியிருக்கும், பத்து நிமிட வேலை. ஒட்டிப் போட்டதால் நான்கு வருடம் அதைக் கையால் அடிக்க வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை.

கோபிக்காரன் | 26.02.2025, இரவு 9:15

புது வாலட்டிலும் பாஸ்பிரேஸ் வைப்பதா என்று மூன்று நாளாக மனசு ஆடுகிறது. வைத்துவிட்டேன். சின்ன எழுத்து மட்டும், ஆறு ஆங்கிலச் சொற்கள், நடுவில் ஒற்றை இடைவெளி. குறி இல்லை, எண் இல்லை. கருவியிலேயே அடித்தேன். காகிதத்தில் எழுதி 12 சொல் இருக்கும் வீட்டில் இல்லாமல் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். அதோடு விரல்ரேகை எண்ணையும், அதான் வாலட் காட்டுகிற எட்டு எழுத்து எண், 12 சொல் காகிதத்தின் ஓரத்தில் எழுதி வைத்தேன். அடுத்த முறை திறக்கும்போது அந்த எட்டு எழுத்து வந்தால் சரி, வராவிட்டால் பூஜ்யத்தைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம்.

உப்புக்கண்டம் | 26.02.2025, இரவு 9:50

விரல்ரேகையை 12 சொல்லோடு வைத்ததை நான் செய்ய மாட்டேன். சொற்களை மட்டும் போட்டால் வரும் விரல்ரேகை வேறு. திருடன் போட்டுப் பார்ப்பான், காகிதத்தில் இருப்பது வேறு என்று தெரியும். அந்த நொடியே இன்னொரு வாலட் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கூடவே யூகங்களைச் சோதிக்க ஒரு அளவுகோலையும் கொடுத்தாயிற்று. மறைப்பதற்காக வைத்த வாலட்டுக்கு வாசலில் பெயர்ப்பலகை மாட்டினமாதிரி.

கோபிக்காரன் | 26.02.2025, இரவு 10:02

நீங்கள் சொல்வது சரி. ஆனால் எனக்கு மறைப்பது இனி முக்கியமில்லை. என்னைக் கட்டிவைத்து உதைப்பவன் கோபியில் யாரும் இல்லை. 12 சொல் காகிதம் மட்டும் திருடு போனால் பணம் போகக் கூடாது, அவ்வளவுதான் வேண்டும். அதற்கு ஆறு சொல் போதும், அவனுக்கு வாலட் இருப்பது தெரிந்தாலும் பரவாயில்லை. பூஜ்யத்தைப் பார்த்துப் பயந்தது யார், திருடனா நானா?

உப்புக்கண்டம் | 26.02.2025, இரவு 10:20

ஆறு சொல்லும் பகடை உருட்டி எடுத்ததென்றால் ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்குப் பிடித்த ஆறு சொல் என்றால் இல்லை. அக்கா வீட்டுக் காகிதத்திலாவது விரல்ரேகையை வையுங்கள்.

கோபிக்காரன் | 27.02.2025, காலை 7:05

பகடை உருட்டவில்லை. இன்றைக்கு உருட்டுகிறேன். விரல்ரேகை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

மல்லிகா_மஸ்கட் | 02.03.2025, இரவு 11:45

எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் கிடைத்தது. தம்பி பார்த்துவிட்டான். சித்தப்பா ஏழு தடவை வெளியே அனுப்பியிருக்கிறார். இரண்டு முகவரி தகட்டில் இருப்பது. ஐந்து முகவரி அதில் இல்லை. ஐந்திலும் பணம் அப்படியே இருக்கிறது. 2022-க்குப் பிறகு ஒரு பைசா அசையவில்லை.

அந்தப் பையனின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

கோபிக்காரன் | 03.03.2025, காலை 6:30

அக்கா, அவர் ஆங்கில எழுத்தில் தமிழை எப்படி எழுதுவார்? பழைய செய்திகள், கடிதத்தின் மேலே வீட்டு முகவரி, பிள்ளைகளுக்கு வைத்த செல்லப் பெயர். ழ-வுக்கு zh போடுவாரா l போடுவாரா? அதை முதலில் சேகரியுங்கள். அவர் வைத்திருந்த போன் என்ன, கணினி என்ன என்பதும் வேண்டும்.

மல்லிகா_மஸ்கட் | 09.03.2025, மாலை 5:10

zh தான். எல்லா இடத்திலும் zh. ஒரு டைரி இருக்கிறது, பின்பக்கத்தில் பேத்தியின் பெயரும் ஒரு பஸ் நம்பரும் மட்டும் எழுதியிருக்கிறது, வேறெதுவும் இல்லை. உப்புக்கண்டம் சார் சொன்னபடி இணையத்தைப் பிடுங்கித் தம்பி ஓடவிட்டிருக்கிறான். 11 லட்சம் தாண்டியிருக்கிறது. இன்னும் ஒன்றும் வரவில்லை.

தாத்தா_பேங்க் | 09.03.2025, மாலை 5:40

பஸ் நம்பருக்குப் பின்னால் A, B என்று எழுத்து இருக்கிறதா என்று பாரம்மா. அந்தக் காலத்தில் பாதி பஸ்ஸுக்கு இருக்கும்.

மல்லிகா_மஸ்கட் | 09.03.2025, மாலை 5:52

இருக்கிறது ஐயா. 23-ஐ மட்டும்தான் தம்பி போட்டிருக்கிறான். டைரியில் 23C. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டச் சொல்கிறேன்.